ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா? திர்ஹாம்–ரூபாய் சார்ட்டைப் படிக்கும் முறை

துபாயிலோ ஷார்ஜாவிலோ இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் கைபேசியில் பார்க்கும் திர்ஹாம்–ரூபாய் சார்ட், பெயருக்குத்தான் திர்ஹாம் சார்ட். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரக மத்திய வங்கி 1997 முதல் விலையைக் கட்டி வைத்திருக்கிறது. அதனால் திர்ஹாம் தானாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. டாலருக்கு எதிராக ரூபாய் அசையும்போது அந்த அசைவுதான் 3.6725-ஆல் வகுபட்டுத் திர்ஹாம் சார்ட்டில் வந்து நிற்கிறது. டாலர் 88.14 ரூபாய் என்றால் திர்ஹாம் 24.00. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் திர்ஹாம் ஏறக்குறைய 27 பைசா ஏறும். சவூதி ரியாலுக்கு 3.75, கத்தார் ரியாலுக்கு 3.64 என்று அங்கும் இதே கணக்குத்தான். குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த கூடையோடு கட்டப்பட்டிருப்பதால் கொஞ்சம் விலகி நடக்கும். சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் தமக்கென்று ஓர் அசைவு உள்ளவை. ஆகவே இங்கே சொல்லப்போவதில் பாதிதான் அவற்றுக்குப் பொருந்தும்.

இது தெரிந்தால் முதல் பயன், எந்தச் செய்தியைக் கவனிப்பது என்பது புரிந்துவிடும். அமீரகத்தின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்பதற்கும் நாளைய ரேட்டுக்கும் அநேகமாகத் தொடர்பில்லை. கச்சா எண்ணெய் விலை, அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவு, இந்தியப் பங்குச் சந்தையிலிருந்து வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்கிறார்களா போடுகிறார்களா, எல்லாவற்றுக்கும் மேலாக மும்பையில் ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது என்பவைதான் அந்தக் கோடு போகும் திசையை முடிவு செய்கின்றன.

படத்தை நம்புவதற்கு முன்

சார்ட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எது மேல், எது கீழ் என்பது. AED/INR என்று இருந்தால் கோடு ஏற ஏற அனுப்புகிறவருக்கு நல்லது, ஒரு திர்ஹாமுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். INR/AED என்று திருப்பிப் போட்டிருந்தால் 0.0417 போன்ற எண் தெரியும், அங்கே கோடு இறங்கினால்தான் நமக்கு நல்லது. "ரூபாய் சரிவு" என்று செய்தி வந்தால் அனுப்புகிறவருக்கு அது ஏற்றம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவசரத்தில் படத்தை மாற்றிப் படித்து, "இறங்கிவிட்டது, பொறுத்து அனுப்பலாம்" என்று நல்ல நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது, இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ இருக்கும் எண்கள். ஒரு நாள் சார்ட்டில் அன்றைய மிகக் குறைந்த விலையைத் தரையிலும் மிக உயர்ந்த விலையைக் கூரையிலும் வைத்துத் திரை முழுக்க இழுத்துக் காட்டுவது எல்லாச் செயலிகளுக்கும் வழக்கம். 23.97-லிருந்து 24.01 வரை போய்வந்த நாளும் பெரிய மலை ஏறி இறங்கியதுபோலத் தெரியும். அந்த மலையின் உயரம் 4 பைசா. 5,000 திர்ஹாம் அனுப்புகிறவருக்கு அது 200 ரூபாய். ரூபாய் பொதுவாக ஒரு நாளில் 0.1 முதல் 0.3 சதவீதம் வரைதான் அசையும். எனவே ஒரு நாள் சார்ட்டை மூடிவிட்டு, ஒரு வருட சார்ட்டையும் ஐந்து வருட சார்ட்டையும் மட்டும் பார்ப்பது நல்லது. இன்றைய விலை கடந்த ஒரு வருடத்தின் மேல்முனையில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா என்பதைத்தான் அதில் தேட வேண்டும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வங்கிகளுக்கு இடையிலான டாலர் சந்தை காலை 9 மணி முதல் பிற்பகல் 3.30 வரை. அமீரக நேரத்தில் அது 7.30 முதல் 2 மணி. அதற்குப் பிறகு இரவில் தெரியும் சிறு அசைவுகள் சிங்கப்பூர், லண்டன், துபாய் ஆகிய இடங்களில் நடக்கும் வெளிச்சந்தையிலிருந்து வருபவை. காலையில் மும்பை திறக்கும்போது அவை நிலைக்கலாம், நிலைக்காமலும் போகலாம். சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும். எக்ஸ்சேஞ்ச் கடைகள் திறந்திருக்கும். திங்கள்கிழமை ரேட் எப்படித் திறக்கும் என்பது தெரியாத நிலையில் விற்பதால், அந்த இரண்டு நாளும் கடைக்காரர் கொஞ்சம் கூடுதல் மார்ஜினை வைத்துக்கொள்வது வழக்கம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குள் அனுப்பிவிடுவதால் கிடைக்கும் சில பைசாவுக்கு எந்த ஊகமும் தேவையில்லை. வார நாட்களில் மும்பை சந்தைக்கு விடுமுறை வந்தாலும் இதே நிலைதான்.

கோடு தட்டையாக இருந்தால்

2023 அக்டோபரிலிருந்து 2024 ஜூன் வரை டாலர் விலை ஏறக்குறைய 82.6-க்கும் 83.6-க்கும் நடுவிலேயே நின்றது. திர்ஹாமில் பார்த்தால் 22.50 முதல் 22.75 வரை. ஒன்பது மாதமும் தினமும் சார்ட் பார்த்தவருக்கும் பார்க்காமலே சம்பள நாளில் அனுப்பியவருக்கும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. காரணம், ரூபாய் ஏறினால் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியது, இறங்கினால் அரசு வங்கிகள் வழியாக டாலரை விற்றது. இப்படிப் பிடித்துவைத்திருக்கும் காலத்தில் ரேட்டுக்காகக் காத்திருப்பது வீண்வேலை.

ஆனால் பிடி தளரும்போது கோடு படிப்படியாக ஏறாது, எகிறும். 2024 கடைசியிலிருந்து நடந்தது அதுதான். டாலர் 2024 டிசம்பர் முடிவில் 85.6 அருகே இருந்தது, 2025 பிப்ரவரி 10 அன்று 87.95 வரை போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறோம்.

இலங்கைக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்குத் தட்டைக் கோட்டின் பொருள் இன்னும் கடுமையாகத் தெரியும். 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை இலங்கை மத்திய வங்கி டாலரை 200–203 ரூபாயில் பிடித்துவைத்தது. கையிருப்பு கரைந்து பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய்க்குப் போனது. அதாவது திர்ஹாம் 55 ரூபாயிலிருந்து 98 ரூபாய்க்கு. பிறகு 2023-ல் அது 300-க்குக் கீழே இறங்கியபோது, 400 வரும் என்று பணத்தை வைத்துக்கொண்டிருந்தவர்கள் நட்டப்பட்டார்கள். சார்ட்டில் கோடு நேராக ஓடினால் அந்த நாணயம் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றுதான் படிக்க வேண்டும். பிடிப்பவர் கையில் எவ்வளவு டாலர் கையிருப்பு இருக்கிறது என்பதைச் சார்ட் சொல்லாது.

24 வரும் என்று காத்திருந்தவரின் கணக்கு

2025 பிப்ரவரி 10. டாலர் 87.95, திர்ஹாமில் 23.94. ஒருவர் கையில் அனுப்புவதற்கு 5,000 திர்ஹாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் நகையை வைத்து வாங்கிய கடன் 1,20,000 ரூபாய், வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது, செய்திகளில் ரூபாய் வரலாறு காணாத வீழ்ச்சி. இன்னும் 6 பைசா ஏறினால் முழுசாக 24. நாளை வந்துவிடும் என்று அவர் பொறுக்கிறார். (கடை மார்ஜினைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குச் சார்ட் விலையிலேயே கணக்குப் போடுவோம்.)

மறுநாளே ரிசர்வ் வங்கி பெரிய அளவில் டாலரை விற்றது. அன்று டாலர் 86.8 அருகே முடிந்தது, திர்ஹாம் 23.63. விலை இறங்கியதும் "நேற்று 23.94 கிடைத்ததே" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த விலை மறுபடி வராமல் அனுப்ப மனம் வராது. மார்ச் கடைசியில் டாலர் 85.5, திர்ஹாம் 23.28. மே முதல் வாரத்தில் டாலர் 84.5 அளவுக்கு வந்தபோது திர்ஹாம் 23.00. பிப்ரவரி 10 அன்று 5,000 திர்ஹாமுக்கு 1,19,700 ரூபாய் கிடைத்திருக்கும். மே மாதம் அதே பணத்துக்கு 1,15,000. இந்த இடத்தில் பயந்து அனுப்பியவருக்கு 4,700 ரூபாய் நட்டம்.

அவர் பயப்படவில்லை, பிடிவாதமாக 24-க்கே காத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 29 அன்று டாலர் முதன்முறையாக 88-ஐத் தாண்டியது. திர்ஹாம் 24.00. அவர் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. 5,000 திர்ஹாமுக்கு 1,20,000 ரூபாய், பிப்ரவரியைவிட 300 ரூபாய் கூடுதல். ஆனால் அந்த ஆறரை மாதத்துக்கு நகைக்கடன் வட்டி மாதம் 1,200 வீதம் 7,800 ரூபாய். 300 ரூபாய் சம்பாதிக்க 7,800 ரூபாய் செலவு. சார்ட்டைச் சரியாகக் கணித்தவர் அடைந்த நட்டம் இது.

2013-ல் இதைவிட நீண்ட காத்திருப்பு நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68.8 வரை போனது, திர்ஹாம் 18.70-ஐத் தாண்டியது. 70 வரும் என்று பலர் பேசிய நேரம். அக்டோபர் நடுவில் டாலர் 61–62-க்கு வந்துவிட்டது. 68.8 என்ற அந்த விலை மறுபடி வந்தது 2016 நவம்பரில். மூன்று வருடத்துக்கு மேல்.

ஏற்றத்தின் வேகமும் வட்டியின் வேகமும்

இந்த இரண்டு நிகழ்வுகளும் விதிவிலக்கு இல்லை. 2013 முடிவில் டாலர் ஏறக்குறைய 62 ரூபாய், 2023 முடிவில் 83 ரூபாய். பத்து வருடத்தில் இந்த ஏற்றம், வருடத்துக்குக் கூட்டு விகிதத்தில் 3 சதவீதம். மாதத்துக்குக் கால் சதவீதம், அதாவது 24 ரூபாயில் 6 பைசா. நீண்ட சார்ட்டைப் பார்த்தால் ரூபாய் எப்போதும் விழுந்துகொண்டே இருப்பதுபோலத் தெரியும், பொறுத்தால் நல்லது என்ற எண்ணமும் வரும். அந்தச் சரிவின் வேகம் இவ்வளவுதான்.

ஊரில் காத்திருக்கும் செலவின் வேகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 12 சதவீத நகைக்கடன் மாதத்துக்கு 1 சதவீதம் கேட்கிறது. காத்திருப்பது கட்டுப்படியாக வேண்டுமானால் இன்று 24.00 இருக்கும் ரேட் ஒரு மாதத்தில் 24.24 ஆக வேண்டும், இரண்டு மாதத்தில் 24.48. ரூபாயின் சராசரி நடை அதில் கால்பங்கு. கைமாற்றாக வாங்கிய இரண்டு வட்டிக் கடன் என்றால் மாதத்துக்கு 48 பைசா ஏற வேண்டும். அப்படி ஏறும் மாதங்கள் மிகக் குறைவு, வந்தாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. கடனே இல்லாதவர்கூட அந்தப் பணத்தை 6 முதல் 7 சதவீத வைப்பில் போடக்கூடியவர் என்றால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அரை சதவீதத்துக்கு மேல் இழக்கிறார்.

அதனால் சார்ட்டைப் பார்ப்பதற்கு முன் பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வீட்டுச் செலவு, தவணை, கல்விக் கட்டணம், வட்டிக் கடன் ஆகியவற்றுக்கான பணத்துக்குச் சார்ட்டே தேவையில்லை, வந்த உடன் போக வேண்டிய பணம் அது. இதற்கெல்லாம் மேல் மிச்சம் நிற்கும் சேமிப்புக்கு மட்டும்தான் நேரம் பார்க்கும் பேச்சு பொருந்தும்.

அந்த மிச்சத்துக்கும் ஒரே நாளில் முழுதும் அனுப்பவோ முழுதும் நிறுத்திவைக்கவோ வேண்டியதில்லை. ஒரு வருட சார்ட்டின் மேல்முனையில் விலை இருந்தால் பெரும்பகுதியை அனுப்பிவிடலாம். நடுவில் இருந்தால் மூன்று பங்காக்கி மூன்று சம்பளத்தில் அனுப்பலாம். அடியில் இருந்தால் ஒரு பங்கை மட்டும் அனுப்பி, மீதிக்கு ஓர் இலக்கு விலையும் ஒரு கடைசித் தேதியும் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் கடைசித் தேதிதான் முக்கியம். மேலே சொன்ன கணக்கில் அந்த மனிதருக்கு இலக்கு இருந்தது, தேதி இல்லை. "24.00 வந்தால் அனுப்புவேன், வராவிட்டால் மார்ச் 10 அன்று என்ன விலையோ அதற்கு அனுப்புவேன்" என்று இருந்திருந்தால் இழப்பு ஒரு மாத வட்டியோடும் சில பைசாவோடும் நின்றிருக்கும். பெரும்பாலான எக்ஸ்சேஞ்ச் செயலிகளில் இலக்கு விலை வந்ததும் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. அதை வைத்துவிட்டுத் தினமும் சார்ட்டைத் திறப்பதை நிறுத்தலாம்.

விலை நன்றாக இருக்கிறது, ஆனால் ஊரில் செலவு ஆறு மாதம் கழித்துத்தான் என்றால், வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்.ஆர்.இ. கணக்கு உதவும். இன்றைய ரேட்டில் ரூபாயாக மாற்றித் தன் பெயரிலுள்ள அந்தக் கணக்கிலேயே வைத்திருக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: என்.ஆர்.இ. வைப்பை ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடைக்காது. ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும்.

சார்ட் விலைக்கும் கையில் வரும் விலைக்கும் நடுவே

சார்ட்டில் தெரிவது வங்கிகள் ஒன்றுக்கொன்று வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அந்த விலையில் எந்தத் தொழிலாளிக்கும் பணம் மாறாது. வளைகுடாவின் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்து, அதில் முன்கூட்டியே ரூபாயை வாங்கி நிரப்பி, அதிலிருந்துதான் ஊரிலுள்ள கணக்குக்கு அனுப்புகின்றன. அந்த ரூபாயை வாங்கிய விலை, தங்கள் மார்ஜின் இரண்டையும் சேர்த்துப் பலகையில் எழுதுவதுதான் நமக்குக் கிடைக்கும் ரேட். இதனுடன் அனுப்பும் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 5 சதவீத வாட் வரியும் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. சார்ட்டில் 24.00. முதல் கடையில் ரேட் 23.90, கட்டணம் வரியோடு 21 திர்ஹாம். இரண்டாவது கடையில் கட்டணம் இல்லை, ரேட் 23.82. கையில் 500 திர்ஹாம்தான் என்றால் முதல் கடையில் 479 திர்ஹாம்தான் மாறும், 11,448 ரூபாய் போய்ச் சேரும். இரண்டாவதில் 11,910. வித்தியாசம் 462 ரூபாய், பணத்தில் கிட்டத்தட்ட 4 சதவீதம். ரூபாய் சராசரியாக ஒரு வருடம் முழுக்க இறங்கும் அளவைவிட அதிகம். 5,000 திர்ஹாமில் முதல் கடை 1,18,998, இரண்டாவது 1,19,100, கிட்டத்தட்டச் சமம். 8,000-க்குப் போனால் முதல் கடை 1,90,698, இரண்டாவது 1,90,560 என்று நிலை மாறிவிடும். இந்த இரண்டு கடைகளுக்கும் மாறும் இடம் ஏறக்குறைய 6,270 திர்ஹாம்.

"கட்டணம் இல்லை" என்ற பலகையையோ "சிறந்த ரேட்" என்ற பலகையையோ தனியாகப் படிக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் உட்பட நான் இவ்வளவு திர்ஹாம் கொடுத்தால், ஊர்க் கணக்கில் எவ்வளவு ரூபாய் விழும்?" அந்த ரூபாயைக் கொடுத்த மொத்தத் திர்ஹாமால் வகுத்தால் உண்மையான ரேட் வந்துவிடும். மாதாமாதம் சிறு தொகையாக நான்கு முறை அனுப்புகிறவர் ஒரே முறையாக அனுப்பினால் மூன்று கட்டணம் மிச்சம். நிலையான கட்டணம் வாங்கும் கடையில் அது 63 திர்ஹாம், ரூபாயில் 1,500. சார்ட்டைப் பார்த்து இதை நிச்சயமாகச் சம்பாதிக்க வழியில்லை.

வங்கி வழியாக டாலராகவே அனுப்பி இந்தியாவில் மாற்றினால் கணக்கு வேறு. அப்போது ரேட்டை முடிவு செய்வது பெறும் வங்கி, பணம் போய்ச் சேரும் நாளில். இடையில் நிற்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடிக்கலாம். மாற்றும் தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு, 1 லட்சம் ரூபாய் வரை அது 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். இந்த வழியில் அனுப்புகிறவர் இன்றைய சார்ட்டைப் பார்த்து நாள் குறித்தாலும், கிடைப்பது இரண்டு மூன்று நாள் கழித்த விலைதான்.

சார்ட் விலையைவிடக் கூடுதலாக ஒருவர் தருகிறார் என்றால் அது பெரும்பாலும் வங்கிக்கு வெளியே ஆள்வழியாகப் பணத்தைக் கைமாற்றும் உண்டியல். 24.00 சந்தை விலையாக இருக்கும்போது 24.30 தர முடிகிறது என்றால், அந்த ரூபாய் வங்கிச் சந்தையில் வாங்கியது இல்லை, வேறு எங்கிருந்தோ வந்தது. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, இப்போது நடைமுறையில் வரும் ஆபத்து கணக்கு முடக்கம். ஊரில் மனைவியின் கணக்கில் யாரோ ஒருவர் பெயரில் பணம் வரும். அது இணைய மோசடியில் பறிகொடுத்த ஒருவரின் பணமாக இருந்தால், காவல்துறை பணம் போன பாதையைப் பின்தொடர்ந்து அந்தக் கணக்கை நிறுத்திவிடும். முடக்கத்தை எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும், உண்டியலுக்கு ரசீது கிடையாது. முறையான கடையில் அனுப்பும்போதும் ரசீதை வாங்கி, அதிலுள்ள ரேட், கட்டணம், பரிவர்த்தனை எண் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட வேண்டும். பணம் கட்டிய நொடியில் ரேட் பூட்டப்பட்டுவிடும். கணக்கு எண் தவறி மாற்றல் திரும்பி வந்தால், பல கடைகளில் திரும்ப வாங்கும் ரேட் வேறு, அது நமக்குக் குறைவாகவே இருக்கும்.